உள்ளங்கையில் ஒட்டும் சுவர்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் உப்பா நல்லதா என்று ஒரு வாய் குடித்தும் பார்ப்பார்கள். மின்விசிறியைச் சுழலவிடுவார்கள், கழிப்பறைக் கதவைத் தாழிட்டுப் பார்ப்பார்கள். சுவரை மட்டும் யாரும் தொடுவதில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த வாசனை வந்தாலே போதும், வீடு சுத்தமாக இருக்கிறது என்று அட்வான்ஸைக் கொடுத்துவிடுவார்கள்.

ஒருமுறை உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்த்திருந்தால் பல விஷயங்கள் தெரிந்திருக்கும். கையில் மாவு போல வெள்ளையாக ஒட்டினால் அது டிஸ்டெம்பர். எதுவும் ஒட்டாமல் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் எமல்ஷன். கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தவர்களுக்கு இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடும்.

இரண்டுமே தண்ணீரில் கலக்கும் பெயின்ட்கள்தான். ஆனால் சுவரில் காய்ந்த பிறகு இரண்டும் இரண்டு விதமான பொருள்களாகிவிடுகின்றன. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைப் பலகாரத் தட்டை வைத்துச் சொல்லலாம். பாகு குறைத்துப் பிடித்த பொட்டுக்கடலை உருண்டையைக் கையில் எடுத்தாலே உதிரும். பாகு தாராளமாக விட்ட கடலை மிட்டாய் மேலே கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு கெட்டியாக நிற்கும். டிஸ்டெம்பர் என்பது பாகு குறைந்த உருண்டை. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லின் பொடி. அந்தப் பொடியைச் சுவரோடு ஒட்டவைக்கும் பசை கொஞ்சம்தான். பொடிக்கும் பொடிக்கும் நடுவே காலி இடம் இருக்கும். தேய்த்தால் உதிர்வதும், எண்ணெயையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்வதும் அதனால்தான்.

எமல்ஷனில் பசையின் வேலையை அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் துகள்கள் செய்கின்றன. தண்ணீர் வற்ற வற்ற அவை ஒன்றோடொன்று இறுகி, நிறப்பொடியை உள்ளே பிடித்துக்கொண்டு, சுவர் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிந்துவிடுகின்றன. கறை அந்தத் தோலின் மேலேயே நின்றுவிடும், துடைக்கவும் முடியும். விலை கூடக்கூடப் பொடி குறைந்து பசை கூடும். கடையில் இருப்பதிலேயே மலிவான எமல்ஷன், டிஸ்டெம்பருக்குச் சற்று மேலே உள்ள சரக்கு என்று நினைத்துக்கொண்டால் பெரிய தவறில்லை.

டிஸ்டெம்பரிலும் தரம் உண்டு. பொடியாக வாங்கித் தண்ணீரில் கரைத்து அடிப்பது பழைய ரகம். களிம்பு போல வாளியில் வருவதைப் பெயின்டர்கள் இன்னும் ‘ஓ.பி.டி.’ என்றுதான் சொல்கிறார்கள். ஆயில் பவுண்ட் டிஸ்டெம்பர் என்பதன் சுருக்கம் அது. இந்தியத் தர நிர்ணயத்திலும் இரண்டுக்கும் தனித்தனி எண்கள்: பொடி ரகத்துக்கு ஐ.எஸ். 427, துடைக்கத்தக்க ரகத்துக்கு ஐ.எஸ். 428. இன்று வாளிகளின் மேல் ‘அக்ரிலிக் டிஸ்டெம்பர்’ என்று அச்சிட்டு வருவது இந்த இரண்டாம் வகையின் வாரிசு. டப்பாவில் ‘வாஷபிள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுவதும் இங்கேதான். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தால் தாங்கும் என்பதுதான் அதற்குப் பொருள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறையோடு பெயின்டும் சேர்ந்து வந்துவிடும். கறை இருந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று நிற்கும்.

ஒரு குடும்பம் குடியிருந்து போன வீட்டில் எந்தெந்த இடம் கறையாகும் என்பதைப் பெயின்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் கறை. டிவிக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், எண்ணெய் தடவிய தலை சாய்ந்து சாய்ந்து பழுப்பேறிய ஒரு வட்டம். சாமி மாடத்துக்கு மேலே விளக்குக் கரி, பக்கத்திலேயே குங்குமம் துடைத்த விரல் தடம். சமையலறையில் டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேல் தாளிப்பு எண்ணெய். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கை எட்டுகிற உயரம் வரை கிரேயான்.

இந்தப் பட்டியலில் தண்ணீரால் ஆன கறை ஏறக்குறைய எதுவும் இல்லை. எல்லாமே எண்ணெய், கரி, மெழுகு. டிஸ்டெம்பருக்கு ஆகவே ஆகாத கூட்டம் இது. தலை சாய்ந்த எண்ணெய் டிஸ்டெம்பருக்குள் இறங்கிவிட்டால், துடைப்பது வீண் வேலை. அதன் மேல் இன்னொரு கோட் அடித்தாலும் ஒரு மாதத்தில் அதே வட்டம் மேலே வந்துவிடும். அந்த இடத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ஆயில் பிரைமர் ஒரு கை கொடுத்த பிறகு அடித்தால்தான் மறையும். எமல்ஷனில் அதே எண்ணெய்க் கறையைப் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் மென்மையான ஸ்பாஞ்சை நனைத்துப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஆனால் அடித்த மறுவாரமே தேய்க்கத் தொடங்கக் கூடாது. கை வைத்தால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரத்தில் காய்ந்துவிட்டாலும், எமல்ஷன் உள்ளே முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம் பிடிக்கும்.

தோற்றம் என்று வரும்போது டிஸ்டெம்பரைக் குறைத்துச் சொல்ல முடியாது. அது ஒளியைத் திருப்பி அடிப்பதில்லை. மங்கலான, மென்மையான பரப்பு. பழைய வீட்டுச் சுவரில் பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்தால், அதை மறைப்பதில் டிஸ்டெம்பர் கெட்டிக்காரன். மினுமினுப்பு உள்ள எமல்ஷனை அதே சுவரில் அடித்தால், மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது கொத்தனார் கரண்டி போன தடம் எல்லாம் எழுந்து நிற்கும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்திய சுவருக்குத்தான் மினுமினுப்பு பொருந்தும். வாடகை வீட்டுக்கு மேட் எமல்ஷனே தோது. மினுமினுப்பு ரகத்தில் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். மேட்டில் அவ்வளவாகத் தெரியாது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் எமல்ஷனே வெற்றி பெற்றது போலத் தோன்றும். பணக் கணக்கு அவ்வளவு சுலபமாக ஒரு பக்கம் சாய்வதில்லை. ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னை மடிப்பாக்கம் மாதிரியான இடத்தில் முதல் மாடி வீடு. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை. ஹால் பதினைந்துக்குப் பத்து. படுக்கையறைகள் பத்துக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. சமையலறை எட்டுக்கு எட்டு. உயரம் பத்தடி. அறைகளின் சுற்றளவைக் கூட்டினால் 164 அடி. உயரத்தால் பெருக்கினால் 1,640 சதுர அடி. கதவு, ஜன்னல், அலமாரி, டைல்ஸ் எல்லாம் கழித்தால் பெயின்ட் அடிக்க வேண்டிய சுவர் ஏறக்குறைய 1,300 சதுர அடி. சீலிங் சுமார் 420 சதுர அடி. சீலிங்கை யாரும் தொடப்போவதில்லை, அங்கே தலை சாயாது, கிரேயான் ஏறாது. அதற்கு எப்போதும் டிஸ்டெம்பர் போதும் என்று தனியே வைத்துவிடலாம்.

இப்போது பெயின்டர் வந்து சுவரைத் தேய்த்துப் பார்க்கிறார். கையைத் திருப்பிக் காட்டுகிறார், வெள்ளை.

“அம்மா, பழைய டிஸ்டெம்பர் நாலு கோட்டுக்கு மேல இருக்கு. எமல்ஷன் கேட்டீங்கன்னா மொத்தத்தையும் சுரண்டணும். இல்ல, மறுபடியும் டிஸ்டெம்பரே போதும்னா மேலாப்புல தேய்ச்சிட்டு ரெண்டு கோட் அடிச்சிடலாம்.”

வீட்டுக்கார அம்மாளுக்கு இது பெயின்டர் காசு பறிக்கப் பார்ப்பது போலத் தோன்றும். “அது மேலயே எமல்ஷன் அடிச்சா ஒட்டாதா தம்பி?” என்று கேட்பார். ஒட்டும். ஆனால் எதன் மேல் ஒட்டுகிறது என்பதில்தான் விவகாரம்.

எமல்ஷன் தோல், அடியில் இருக்கும் டிஸ்டெம்பர் பொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பொடியோ சுவரைச் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எமல்ஷன் காய்ந்து இறுகும்போது இழுக்கும் இழுப்பும், மழைக்காலத்தில் உள்ளே ஏறும் ஈரமும் சேர்ந்தால், பலவீனமான அந்த அடுக்கு விட்டுக்கொடுத்துவிடும். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஜன்னல் ஓரத்தில் ஒரு முனை கிளம்பும். செல்லோடேப் ஒட்டிய காலண்டரைக் கழற்றினால் கையளவு பெயின்ட் கூடவே வரும். நகத்தால் நெம்பினால் வாழைப்பட்டை போல நீளமாக உரியும். அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முதுகில் வறண்ட வெள்ளைப் பொடி அப்பியிருந்தால் சுரண்டாமல் அடித்த வேலை. ஈரமாக, உப்புப் பூத்து இருந்தால் சுவரில் ஓதம். பட்டியும் சேர்ந்து கட்டியாக வந்திருந்தால் பட்டியே சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

சுரண்டுவது என்றால், சுவரைத் தண்ணீரால் நனைத்து, பழைய அடுக்கு ஊறியதும் பட்டி பிளேடால் இழுத்தெடுத்து, எஞ்சியதை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைக் கழுவி, காயவிட வேண்டும். பிறகு பிரைமர் ஒரு கோட், ஓட்டை விரிசல்களுக்குப் பட்டி, மறுபடி உப்புத்தாள், கடைசியில் எமல்ஷன் இரண்டு கோட். வேலையில் பாதிக்கு மேல் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கூலியும் அங்கேதான் ஏறுகிறது.

இனி ரேட். ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் கணக்குக்கு மட்டும் ஒரு ரேட் வைத்துக்கொள்ளலாம். பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு, பழைய டிஸ்டெம்பர் மேல் புது டிஸ்டெம்பர் 8 ரூபாய். பழைய எமல்ஷன் மேல் சிக்கன ரக எமல்ஷன் 12 ரூபாய். டிஸ்டெம்பரைச் சுரண்டிவிட்டு, பிரைமர் கொடுத்து எமல்ஷன் அடிக்க 20 ரூபாய்.

நம் வீட்டுச் சுவருக்கு இது முறையே 10,400, 15,600, 26,000 ரூபாய் ஆகிறது. வீட்டுக்கார அம்மாள் 26,000 என்ற எண்ணைக் கேட்டதும் டிஸ்டெம்பர் பக்கம் சாய்ந்துவிடுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பெயின்ட் ஒருமுறை அடிப்பதோடு முடிவதில்லையே.

பத்து வருடக் கணக்கு போடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒரு குடித்தனம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், இப்போது ஒருமுறை, பிறகு நான்குமுறை. டிஸ்டெம்பர் சுவரை ஒவ்வொரு முறையும் முழுதாக அடித்தே ஆக வேண்டும். ஐந்து முறைக்கு 52,000. அடுக்கு மேல் அடுக்காக ஏறுவதால் நடுவில் ஒருமுறையாவது சுரண்டியாக வேண்டும். அதற்குச் சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 5,200. ஆகமொத்தம் 57,200.

எமல்ஷனுக்கு முதல்முறை 26,000. இரண்டாவது வருடக் கடைசியில் முழுதாக அடிக்கத் தேவை இருக்காது. துடைத்து, ஆணி ஓட்டைகளை அடைத்து, ஒட்டுப்போட 3,000 போதும். நான்காவது வருடம் முழு எமல்ஷன் 15,600. ஆறாவது வருடம் மறுபடி 3,000, எட்டாவது வருடம் 15,600. மொத்தம் 63,200.

பத்து வருடத்தில் எமல்ஷனுக்குக் கூடுதலாக ஆகும் செலவு 6,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் ஐம்பது ரூபாய். முதல் நாள் பார்த்து மிரண்ட 15,600 ரூபாய் வித்தியாசம் பத்தாண்டில் இவ்வளவாகத்தான் சுருங்குகிறது. இதில் இன்னொன்றைச் சேர்க்கவில்லை. பெயின்டர் வேலை செய்யும் நாட்களில் வீடு காலியாகக் கிடக்கும். வாடகை 18,000 என்றால் ஒரு நாளைக்கு 600 ரூபாய் போகிறது. துடைத்து ஒட்டுப்போட ஒரு நாள் போதும். முழுதாக அடிக்க நான்கைந்து நாள் ஆகும்.

அதே வீட்டில் ஏற்கெனவே எமல்ஷன் இருந்திருந்தால்? முதல்முறையும் 15,600 தான். பத்து வருட மொத்தம் 52,800. டிஸ்டெம்பரை விட 4,400 ரூபாய் குறைவு. ஆக, எது லாபம் என்பதை முடிவு செய்வது டப்பாவின் விலைப்பட்டியல் அல்ல. சுவரில் இப்போது என்ன இருக்கிறது என்பதுதான். பல வீட்டுக்காரர்கள் தவறுவது இந்த இடத்தில். ஒருமுறை செலவழித்து எமல்ஷனுக்கு மாறியிருப்பார்கள். அடுத்த குடித்தனம் காலி செய்யும்போது கை கடிக்கிறது என்று அதன் மேல் டிஸ்டெம்பர் அடித்துவிடுவார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய பொடி அடுக்கு மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கடுத்த முறை எமல்ஷன் வேண்டுமென்றால் திரும்பவும் 26,000 ரூபாய் வேலை.

கணக்கு தலைகீழாகும் வீடுகளும் உண்டு. தரைத்தளத்தில், குளியலறையை ஒட்டிய சுவரில், ஓதம் ஏறி உப்புப் பூக்கும் வீடு அவற்றில் ஒன்று. எமல்ஷனின் தோல் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஈரம் பின்னாலிருந்து தள்ள, சுவரில் அப்பளம் போலக் கொப்புளம் கிளம்பும். டிஸ்டெம்பருக்குள் இருக்கும் காலி இடம் வழியாக ஈரம் வெளியேறிவிடும். பெயின்ட் உதிர்ந்தாலும் பொடியாக உதிரும், பெருக்கித் தள்ளிவிட்டு மலிவாக மறுபடி அடிக்கலாம். கசிவை அடைக்காதவரை அந்தச் சுவரில் விலை உயர்ந்த பெயின்டைப் போடுவது காசை ஈரத்தில் ஊறவைப்பது போலத்தான். ஒரு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் சின்ன போர்ஷன்களுக்கும், ஓரிரு வருடத்தில் இடித்துக் கட்டப்போகும் வீட்டுக்கும் டிஸ்டெம்பரே கட்டுப்படியாகும்.

குடியிருப்பவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. ஆனால் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நகரங்களில் பரவலாக இருக்கிறது. சில ஒப்பந்தங்களில் அதை வரியாகவே எழுதிவிடுகிறார்கள். மேலே பார்த்த வீட்டில் ஒரு மாத வாடகை 18,000. அங்கே டிஸ்டெம்பர் அடிக்க ஆவது 10,400. சீலிங்கைச் சேர்த்தாலும் 14,000-ஐத் தாண்டாது. கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசினால், பிடித்தம் ‘ஒரு மாத வாடகை’ என்பதிலிருந்து ‘ஆகும் செலவு’ என்று மாற வழி உண்டு.

பேசும்போது நடுவழி ஒன்றையும் முன்வைக்கலாம். வீடு முழுதும் எமல்ஷன் தேவையில்லை. கறையாகும் ஹாலுக்கும் சமையலறைக்கும் எமல்ஷன், படுக்கையறைகளுக்கும் சீலிங்குக்கும் டிஸ்டெம்பர். ஹால் சுவர் மட்டும் சுமார் 400 சதுர அடி வரும். சுரண்டி எமல்ஷன் அடிப்பதற்கும் டிஸ்டெம்பருக்கும் சதுர அடிக்கு 12 ரூபாய் வித்தியாசம் என்றால், 4,800 ரூபாய். மூன்று வருடம் இருக்கப்போகிற குடும்பம் இதில் பாதியைத் தான் தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரர் குறைவு. பதிலுக்குக் காலி செய்யும்போது ஹாலுக்குப் பிடித்தம் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியது தண்ணீர். எவ்வளவு கலக்கலாம் என்று ஒவ்வொரு டப்பாவிலும் போட்டிருப்பார்கள். கணக்கில்லாமல் வாளியில் ஊற்றிக் கலக்கினால் பெயின்ட் அதிகத் தூரம் வரும், ஆனால் பசை நீர்த்துவிடும். எமல்ஷன் என்று காசு கொடுத்து அடித்த சுவரிலும் ஒரு மாதம் கழித்துக் கையில் மாவு ஒட்டும். இரண்டு கோட் அடித்தும் பழைய நிறம் அடியில் எட்டிப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கடைசியாக நிறத்தின் எண். எமல்ஷனைக் கடையில் கணினி மெஷினில் நிறம் கலந்து தரும்போது, டப்பா மூடியில் நிறத்தின் பெயரும் எண்ணும் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும். பெயின்டர்கள் அந்த மூடியைக் குப்பையோடு எறிந்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து ஒட்டுப்போடும்போது அந்த எண் இல்லையென்றால், கண்ணால் பார்த்துக் கலந்த நிறம் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும். 3,000 ரூபாயில் முடிய வேண்டிய வேலை முழு ஹாலுக்கும் போய்விடும். விவரம் தெரிந்த வீட்டுக்காரர்கள் அந்த ஸ்டிக்கரைப் பிரித்தெடுத்து, அடித்த தேதியையும் பேனாவால் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்துவிடுகிறார்கள். மீந்த அரை லிட்டர் பெயின்ட்டும், மூடி இறுக்கி, அதே அலமாரியின் மேல்தட்டில் இருக்கும்.